பெரிய பிடிஎஃப் ரிப்போர்ட்டை சாப்டர் சாப்டரா பிரிக்கறது: கேட்டதும் சொன்னதும்

போன வாரம் கேள்வி போடுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு. டிடிபி, பிரஸ் வேலைல இருக்கறதால இது எனக்கு தினசரி வேலை. பெரும்பாலும் qpdf-ங்கற, கமாண்ட் டைப் பண்ணி ஓட்டற மென்பொருளை வச்சுதான் சொல்லப்போறேன். அது இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் ஓடும், நெட் இல்லாமலே வேலை செய்யும்.

அண்ணா, எம்.ஏ. பண்றேன், 9/11 கமிஷன் ரிப்போர்ட்டை சாப்டர் வாரியா பிரிச்சு படிக்கணும். பொருளடக்கத்துல 2வது சாப்டர் 47-ம் பக்கம்னு போட்டிருக்கு, 47-70 குடுத்தா வேற என்னமோ வருது.

நல்ல உதாரணம் தங்கச்சி, இதை முழுசா போட்டு காட்டறேன். 2004-ல வந்த ரிப்போர்ட், 13 சாப்டர். புக்ல கடைசி பக்கத்துல 567-ன்னு அச்சாகியிருக்கும், ஆனா ஃபைல்ல மொத்தம் 585 பக்கம். நடுவுல இருக்கற அந்த 18 எங்க போச்சுன்னா, முன்னாடி பொருளடக்கம், முன்னுரை எல்லாம் ரோமன் நம்பர்ல i-ல இருந்து xviii வரைக்கும் ஓடுது, 1-ம் பக்கம் அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. qpdf-க்கு ரோமன் எல்லாம் தெரியாது, அட்டைல இருந்தே 1, 2, 3-ன்னு எண்ணிட்டு போகும். அதனால அச்சுல இருக்கற நம்பரோட 18 கூட்டினாதான் ஃபைல் நம்பர்.

47 கூட 18, 65. அடுத்த சாப்டர் 71-ல ஆரம்பிக்குது, அப்போ இது 70-ல முடியுது, 70 கூட 18, 88.

```
qpdf report.pdf --pages . 65-88 -- ch02.pdf
qpdf --show-npages ch02.pdf
```

ரெண்டாவது வரி 24-ன்னு காட்டணும். காட்டினா மட்டும் திருப்திப்பட வேண்டாம், ch02-ஐ திறந்து முதல் பக்கமும் கடைசி பக்கமும் கண்ணால பாருங்க. எண்ணிக்கை சரியா இருந்தும் ரேஞ்ச் ரெண்டு பக்கம் தள்ளிப் போயிருக்கலாம், கமாண்ட் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லாது.

இந்த ரிப்போர்ட்ல இன்னொரு விஷயம் இருக்கு, படிக்கறவங்களுக்கு இதுதான் முக்கியம். அடிக்குறிப்பு அந்தந்த பக்கத்துக்கு கீழ இல்ல, எல்லாம் புக் கடைசில 449-ல இருந்து 567 வரைக்கும் மொத்தமா குவிஞ்சிருக்கு. 2வது சாப்டரை தனியா வெட்டி எடுத்துட்டீங்கன்னா உள்ள சின்ன சின்னதா நம்பர் மட்டும் நிக்கும், எந்த விசாரணை, எந்த ஆவணத்துல இருந்து எடுத்தாங்கன்னு பார்க்க வழியே இருக்காது. அதனால குறிப்பை தனி ஃபைலா ஒண்ணு எடுத்து வச்சுக்கங்க, 449 கூட 18, 467:

```
qpdf report.pdf --pages . 467-z -- notes.pdf
```

z-ன்னா கடைசி பக்கம். இல்ல ஒவ்வொரு சாப்டரோட அதுக்கான குறிப்பும் ஒட்டியே வேணும்னா, அந்த சாப்டரோட குறிப்பு எந்த பக்கத்துல இருந்து எது வரைக்கும்னு பார்த்துட்டு 65-88-க்கு பக்கத்துல ஒரு கமா போட்டு அந்த ரேஞ்சையும் எழுதிடுங்க, ரெண்டும் ஒரே ஃபைல்ல வந்துடும்.

13 சாப்டருக்கும் 13 தடவ டைப் பண்ணணுமா?

வேண்டாம். list.txt-னு ஒரு ஃபைல்ல ஒரு வரிக்கு ஒரு சாப்டரா நம்பரையும் ரேஞ்சையும் எழுதுங்க. 01 19-64, அடுத்த வரில 02 65-88, அடுத்து 03 89-125, இப்படி. லினக்ஸ், மேக்ல:

```
while read n r; do
  qpdf report.pdf --pages . "$r" -- "ch$n.pdf"
done < list.txt
```

கடைசி வரி எழுதினதும் ஒரு என்டர் தட்டிட்டு சேவ் பண்ணுங்க, இல்லன்னா கடைசி சாப்டர் மட்டும் வராது, ஏன் வரலன்னு ஒரு மணி நேரம் தேடுவீங்க.

இவ்ளோ எதுக்கு சார்? பிரிண்ட் குடுத்து பேஜ் ரேஞ்ச் போட்டு சேவ் அஸ் பிடிஎஃப். பத்து வருஷமா ஆபீஸ்ல அப்படித்தான் பண்றேன், ஒரு பிரச்சனையும் வந்ததில்ல.

பக்கம் வரும் சார், நான் இல்லன்னு சொல்லல. ஆனா பிரிண்ட் குடுக்கும்போது ஃபைல் பிரியறதில்ல, அந்தப் பக்கம் கண்ணுக்கு தெரியறதை வச்சு புதுசா ஒண்ணு வரையறாங்க. பழைய ஃபைல்ல இருந்த புக்மார்க் போயிடும், லிங்க் போயிடும், சில சமயம் எழுத்தே படமாகி தேடினா ஒண்ணும் கிடைக்காது. குறிப்பா தமிழ் ஃபைல்ல கண்ணுக்கு எழுத்து சரியா தெரியும், காப்பி பண்ணி ஒட்டினா உருத்தெரியாம வரும். ஒரு பக்கம் ரெண்டு பக்கம் யாருக்காவது காட்டணும்னா பிரிண்ட் போதும். ரிப்போர்ட்டை பிரிச்சு வருஷக்கணக்கா வச்சு தேடப் போறீங்கன்னா அது வேண்டாம்.

எங்க ரிப்போர்ட்ல புக்மார்க் இருக்கு, PDFsam-ல ஸ்ப்ளிட் பை புக்மார்க்ஸ் போட்டேன், 11 ஃபைல் வரணும், 140 ஃபைல் வந்திருக்கு. அதோட சில சாப்டர்ல கடைசி பாரா காணோம்.

ரெண்டும் வேற வேற காரணம். புக்மார்க்ல படிப்படியா மட்டம் இருக்கும், சாப்டர் முதல் மட்டம், அதுக்குள்ள தலைப்பு ரெண்டாவது மட்டம். நீங்க ரெண்டாவதோ மூணாவதோ தேர்ந்தெடுத்திருக்கீங்க, 1-ன்னு வச்சா 11 வரும். சில ரிப்போர்ட்ல முதல் மட்டத்துல ரிப்போர்ட் பேர் ஒண்ணு மட்டும் இருக்கும், சாப்டர் ரெண்டாவதுல இருக்கும், அதனால பிரிக்கறதுக்கு முன்னாடி இடது பக்க பேனலை திறந்து ஒரு தடவ பாருங்க.

கடைசி பாரா காணாம போனது, சாப்டர் பக்கத்தோட நடுவுல ஆரம்பிக்கறதால. 57-ம் பக்கத்துல மேல பாதி 3வது சாப்டரோட முடிவு, கீழ பாதி 4வதோட ஆரம்பம்னு வச்சுக்கங்க. புக்மார்க் 57-ஐ காட்டுது, மென்பொருள் 56-ஓட வெட்டிட்டு 57-ஐ அடுத்த ஃபைலுக்கு தள்ளிடும். அந்த பாரா தொலையல, 4வது ஃபைலோட முதல் பக்கத்துல இருக்கு. இந்த மாதிரி ரிப்போர்ட்டுக்கு தானா பிரிக்கறதை விட்டுட்டு கையாலதான் ரேஞ்ச் குடுக்கணும், 40-57, 57-80-ன்னு, 57 ரெண்டு ஃபைல்லயும் இருக்கட்டும்.

120 எம்பி ஃபைல், பத்தா பிரிச்சேன், ஒவ்வொண்ணும் 90 எம்பி இருக்கு. மெயில்ல போகல.

ஒவ்வொரு பக்கத்துக்கும் எந்தெந்த ஃபான்ட், எந்தெந்த படம் வேணும்னு ஒரு பட்டியல் இருக்கும். சில மென்பொருள் ரிப்போர்ட் பூராவுக்கும் ஒரே பட்டியலை வச்சுட்டு எல்லா பக்கத்தையும் அதை காட்ட வச்சிடும். அப்போ நீங்க பத்து பக்கம் வெட்டினாலும் அந்த பட்டியல்ல இருக்கற அத்தனை படமும் கூடவே வந்துடும், திறந்தா கண்ணுக்கு தெரியாது, எடை மட்டும் இருக்கும்.

```
qpdf report.pdf --remove-unreferenced-resources=yes --pages . 1-60 -- p1.pdf
```

இதுல குறைஞ்சா காரணம் அதுதான். குறையலன்னா அந்த பக்கங்கள்லயே படம் கனமா இருக்கு, ஸ்கேன் பண்ண ரிப்போர்ட்டா இருக்கலாம், அதை பிரிச்சு குறைக்க முடியாது, படத்தோட தரத்தை குறைக்கறதுதான் வழி.

சார் 3வது சாப்டர் குடுத்தா 2வதோட கடைசி பக்கங்கள் வருது.

முதல் பதிலை படிங்க. அச்சு நம்பர் வேற, ஃபைல் நம்பர் வேற.

பாஸ்வேர்டு மறந்துடுச்சு, பிரிக்கறதுக்கு முன்னாடி அதை எடுக்க முடியுமா?

மறந்த பாஸ்வேர்டை எடுக்கறதுல நான் வரல, ஃபைல் அனுப்பினவங்களையே கேளுங்க. தெரிஞ்ச பாஸ்வேர்டுன்னா `--password=` கூட குடுத்தா பிரிஞ்சிடும்.

டிஜிட்டல் கையெழுத்து போட்ட ரிப்போர்ட். பிரிச்சா கையெழுத்து இருக்குமா?

இருக்காது. கையெழுத்து முழு ஃபைலுக்கும் சேர்த்து போட்டது, ஒரு பக்கத்தை எடுத்தாலே செல்லாது. படிக்க பிரிச்சுக்கங்க, யாருக்காவது ஆதாரமா குடுக்கணும்னா முழுசா ஒரிஜினலை குடுங்க.

ஆன்லைன்ல அப்லோட் பண்ணா நிமிஷத்துல பிரிச்சு தருதே?

9/11 ரிப்போர்ட் மாதிரி ஊருக்கே தெரிஞ்சதுன்னா தாராளமா பண்ணுங்க. ஆபீஸ் ரிப்போர்ட், மெடிக்கல் ரிப்போர்ட், கோர்ட் பேப்பர் எதையும் ஏத்தாதீங்க. வெட்டறதுக்காக முழு ஃபைலையும் அங்க குடுக்கறீங்க.

இதை ஒட்டி ஒரு சம்பவம். முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு மதிப்பீட்டு ரிப்போர்ட்டோட ஒரே ஒரு இணைப்பை மட்டும் வெளி ஆளுக்கு அனுப்ப சொன்னாங்க. நான் மேல சொன்ன அதே கமாண்ட்ல வெட்டி அனுப்பினேன், பக்கம் எல்லாம் சரி. அந்தாளு திறந்ததும் இடது பேனல்ல முழு ரிப்போர்ட்டோட தலைப்பும் வரிசையா நின்னுது. அழுத்தினா எங்கயும் போகல, ஆனா தலைப்பை படிச்சாலே உள்ள என்ன இருக்குன்னு தெரியற மாதிரி தலைப்பு. மேனேஜர் கூப்பிட்டு பேசினார், தப்பு என்னோடதுதான். வெளியாளுக்கு போற ஃபைலை அன்னைல இருந்து இப்படித்தான் எடுக்கறேன்:

```
qpdf --empty --pages report.pdf 65-88 -- ch02.pdf
```

காலி ஃபைல்ல ஆரம்பிச்சு பக்கத்தை மட்டும் கொண்டு வரும், புக்மார்க், ரிப்போர்ட்டோட தலைப்பு, ஆசிரியர் பேர் எதுவும் ஒட்டிட்டு வராது.

பார்த்தீங்களா, அதான் சொன்னேன். பிரிண்ட் போட்டிருந்தா புக்மார்க்கே வந்திருக்காது, நீங்க திட்டு வாங்கியிருக்க மாட்டீங்க.

இந்த ஒரு இடத்துல நீங்க சொல்றது சரி சார், வந்திருக்காது. ஆனா புக்மார்க்கை தொலைக்க எழுத்தையும் சேர்த்து தொலைக்கணுமா? `--empty`-ல எழுத்து அப்படியே இருக்கும்.

எழுத்து எனக்கு போனதே இல்ல. வேர்டுல இருந்து வந்த ஃபைல்தான் எல்லாம். தேடினா கிடைக்குது.

உங்க பிரிண்டரும் உங்க ஃபான்டும் ஒத்துப்போகுது, அதனால கிடைக்குது. அதே ஃபைலை வேற மெஷின்ல பிரிண்ட் போட்டு தமிழ்ல ஒரு சொல்லை தேடிப் பாருங்க.

பார்த்துட்டு வரேன். ஆனா திறக்கவே மறுக்கற கோளாறு ஃபைல் பிரிண்ட்லதான் சரியாகுது, qpdf எரர் அடிக்குது. இதுக்கு என்ன சொல்றீங்க?

திறக்கவே மறுக்கற ஃபைலை பிரிண்ட் எப்படி குடுப்பீங்க? கொஞ்சம் உடைஞ்சு, ஆனா திறக்கறதைத்தான் சொல்றீங்கன்னு நினைக்கறேன். அந்த மாதிரி ஃபைலுக்கு நானும் கடைசில பிரிண்ட்தான் போட்டிருக்கேன். முதல்ல `qpdf --check report.pdf` போடுங்க, வெறும் வார்னிங்னா qpdf-யே சரி பண்ணி எழுதிடும்.

மொபைல்ல பண்ணலாமா அண்ணா?

ஆண்ட்ராய்டுல பிரிண்ட் குடுத்து பக்கத்தை தேர்ந்தெடுத்து பிடிஎஃப்-ஆ சேவ் பண்ணலாம். ஆமா, மேல நான் சண்டை போட்ட அதே வழிதான், சின்ன வேலைக்கு போதும். அங்கயும் ஃபைல் நம்பர்தான் குடுக்கணும்.

பிரிச்ச சாப்டரை வேர்டா மாத்த எது நல்லது?

அது வேற வேலை, என் ஏரியா இல்ல. ஸ்கேன் ஃபைல்னா முதல்ல ஓசிஆர் பண்ணணும், அது தெரிஞ்சவங்கள கேளுங்க.

பொருளடக்கத்துல 112 போட்டிருக்கு, 112 குடுத்தா தப்பா வருது.

மூணாவது ஆள் நீங்க. 1-ன்னு அச்சாகியிருக்கற பக்கம் ஃபைல்ல எத்தனாவதுன்னு பாருங்க, அதுல ஒண்ணு கழிங்க, மிச்சத்தை 112-ஓட கூட்டுங்க. நடுவுல நம்பர் போடாத படப் பக்கம் செருகியிருந்தா அதுக்கு அப்புறம் இந்த கணக்கு மாறும், அப்போ ஒவ்வொரு சாப்டருக்கும் தனியா பார்க்கணும்.

அண்ணா, 24 வந்துடுச்சு, முதல் பக்கமும் சரி. ஆனா குறிப்பு எந்த பக்கத்துல எந்த சாப்டர் முடியுதுன்னு தெரியல, ஒரே பக்கத்துல ரெண்டு சாப்டர் குறிப்பும் இருக்கு.

57-ம் பக்க கதைதான் தங்கச்சி. அந்த பக்கத்தை ரெண்டு சாப்டருக்கும் குடுத்துடுங்க.