மலை இறக்கமும் எக்ஸோஸ்ட் பிறேக்கும்: யாழ்ப்பாண டீசல் மெக்கானிக்கின் பதில்கள்

நுவரெலியாவில் மரக்கறி ஏற்றி இறம்பொடை வழியாக இறங்கினால், கம்பளை வருமுன்பே பிறேக் கருகும் வாடை அடிக்கிறது. எக்ஸோஸ்ட் பிறேக் போட்டுத்தான் வருகிறேன், ஐயா. (கோப்பாய் சாரதி)

எந்தக் கியரில் வருகிறீர்கள், தம்பி? விடயம் அதில்தான் இருக்கிறது. அந்தப் பாதையில் ஆயிரம் மீற்றருக்கும் அதிகமாக இறங்குகிறீர்கள். சுமையோடு 15 தொன் உள்ள லொறி ஆயிரம் மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 500 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். எஞ்சின் தன் பங்கை ஏற்காவிட்டால் அவ்வளவு சூடும் பிறேக்குக்குத்தான் போகும். சூடேறிய டிரம் விரிந்து பிறேக் சப்பாத்தை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். மிதி வழமையைவிடக் கீழே போனால் அதுதான் அடையாளம்.

எக்ஸோஸ்ட் பிறேக் புகைக்குழாயில் உள்ள ஒரு தகட்டை மூடுகிறது. அடைபட்ட புகையை வெளியே தள்ளப் பிஸ்டன்கள் திணறுகின்றன. அந்தத் திணறல் கியர்பெட்டி வழியாகப் பின்சக்கரங்களைப் பிடிக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பிடிப்பும் சொற்பம்தான். ஐந்தாம் கியரில் சத்தம் கேட்கும், வேகம் குறையாது. ஏறும்போது பிடித்த கியரை, சுமை கூடினால் அதற்கும் கீழானதை, இறக்கம் தொடங்குமுன்பே போட்டுவிடுங்கள். பாதி வழியில் வேகம் கூடிய பிறகு கியர் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். எஞ்சின் சுற்று சிவப்புக் கோட்டை நெருங்கினால் மட்டும் பிறேக்கை ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, முழுவதுமாக விடுங்கள். காலை மிதியிலேயே வைத்திருப்பதுதான் கருக வைக்கிறது.

வாடை வந்தால் ஓரம்கட்டிச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும்.

புகையை அடைத்தால் எஞ்சின் கெடும், டீசலும் வீணாகும். கிளட்சை மிதித்து உருளவிடுவதே சிக்கனம் என்கிறேன். (சாவகச்சேரி லொறி உரிமையாளர்)

அடைப்பால் அழுத்தம் ஏறுவது உண்மைதான். ஆனால் வால்வு ஸ்பிரிங்குகள் தாங்கும் அளவுக்குள் அது நிற்கும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். டீசல் வீணாவதில்லை: கியரில் இறங்கும்போது பம்ப் டீசலை நிறுத்திவிடுகிறது. உருளவிட்டால்தான் எஞ்சின் ஓய்வுச்சுற்றுக்கு டீசல் குடிக்கிறது. கிளட்சை மிதித்த கணமே எக்ஸோஸ்ட் பிறேக்கும் பயனற்றுப் போகிறது. தயவுசெய்து சாரதியை அப்படி ஓட்டச் சொல்லாதீர்கள்.

என் பெற்றோல் வானுக்கும் ஒன்று பூட்டலாமா?

தேவையில்லை. பெற்றோல் எஞ்சினில் காலை எடுத்ததும் காற்று வழி மூடி, அதுவே இழுத்துப் பிடிக்கும். இரண்டாம் கியர் போதும். டீசலில் காற்று தடையின்றி உள்ளே போவதால்தான் புகைப் பக்கம் மூட வேண்டியிருக்கிறது.

சுவிட்ச் போட்டால் விளக்கு எரிகிறது, சத்தத்தில் மாற்றமே இல்லை. (சுன்னாகம்)

விளக்கு எரிவது மின்சாரம் போவதைத்தான் காட்டும். தகட்டின் தண்டில் கரி படிந்து இறுகியிருக்கலாம். காற்றுச் சிலிண்டர் கசியலாம். நம் பக்கம் சமதரையில் மாதக்கணக்காகப் பயன்படுத்தாத வண்டிகளில் முதலாவதையே அதிகம் பார்க்கிறேன். எஞ்சின் ஆறிய பிறகு தண்டின் நெம்பைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் கழற்றித்தான் துப்புரவாக்க வேண்டும். லேசாக அசைந்தால் குறை காற்றுப் பக்கமா, மின்வால்விலா என்பதை வண்டியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதுவரை மலையகப் பக்கம் சுமை ஏற்றாதீர்கள்.