சனிக்கிழமை மாலை 5 மணிக்கு நாலு கேக்: ஓவன் நேரத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: வீட்டில் 30 லிட்டர் ஓ.டி.ஜி. வைத்து கேக் செய்து கொடுக்கிறேன். இந்தச் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு 1 கிலோ க்ரீம் கேக் இரண்டு, அரைக் கிலோ இரண்டு, கப் கேக் 12 என்று ஆர்டர். எல்லாமே முட்டை இல்லாதவை. எப்போது எதைத் தொடங்குவது?

பதில்: முதலில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓவன் எத்தனை நிமிடம் வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் ஓவனில் 7 அங்குல டின் ஒன்றுதான் சீராக வேகும். 170 டிகிரியில் 40 நிமிடம், கதவைத் திறந்ததில் இறங்கிய சூடு மீண்டும் ஏற 15 நிமிடம், ஆக ஒரு கிலோவுக்கு 55 நிமிடம். அரைக் கிலோ டின்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 45 நிமிடம். ஸ்பாஞ்சுகளுக்கு மொத்தம் 155 நிமிடம். இதை வெள்ளிக்கிழமை முடித்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் முழுதாக ஆறவிட்டு, கிளிங் ஃபிலிமில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் உதிராமல் வெட்ட வரும். சூடாகச் சுற்றினால் நீர் கோத்து மேல்பகுதி பிசுபிசுக்கும்.

கப் கேக் சீக்கிரம் காய்ந்துவிடும். அதைச் சனி காலையில் ஆறு ஆறாகச் சுடுங்கள், ஒரு மணி நேரம் போதும்.

நேரம் மிச்சமாகும் என்று எல்லா மாவையும் ஒரேயடியாகக் கலந்துவிடாதீர்கள். பெரும்பாலான தோல்விகள் இங்கேதான். தயிரும் சோடாவும் சேர்ந்ததும் வாயு கிளம்பத் தொடங்கிவிடும். மூன்றாவது டின் காத்திருக்கும் நேரத்தில் அது வெளியேறி, கேக் எழும்பாமல் கனமாக நிற்கும். மைதா, சர்க்கரை, கோகோ, சோடாவை டின் வாரியாக அளந்து தனித்தனி டப்பாவில் வைத்திருங்கள். முந்தைய டின் வெளியே வர 10 நிமிடம் இருக்கும்போது ஈரப் பொருளைச் சேருங்கள்.

க்ரீமை வெள்ளி இரவே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். வெளியே வைத்துச் சூடேறிய க்ரீம் எவ்வளவு அடித்தாலும் கெட்டியாக நிற்காது.

இனி 5 மணியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அலங்கரித்த கேக் ஒன்றரை மணி நேரம் குளிர வேண்டும். எனவே கடைசிக் கேக் 3.30க்கு முடிய வேண்டும். ஒன்றுக்கு 45 நிமிடம் என்றால் நாலுக்கு மூன்று மணி நேரம். தவறு திருத்த ஒரு மணி நேரம் சேர்த்தால் 11.30க்கு க்ரீம் அடிக்கத் தொடங்க வேண்டும். நாலுக்கும் முதல் மெல்லிய பூச்சைப் பூசிக் குளிரவைத்த பிறகே முழுப் பூச்சுக்குப் போங்கள்.

கவனித்தீர்களா, சனிக்கிழமை உங்களை நெருக்குவது ஓவன் அல்ல, கைவேலையும் ஃபிரிட்ஜ் இடமும்தான். ஐந்தாவது கேக் ஆர்டர் வந்தால் ஓவனில் இடம் இருக்கும். ஆனால் அதற்கு 45 நிமிடம் கைவேலை நேரமும் ஃபிரிட்ஜில் ஒரு பெட்டிக்கான இடமும் உண்டா என்று பார்த்துவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள். இருந்தால் ஸ்பாஞ்ச் வேலையை வியாழன் மாலைக்கு மாற்றுங்கள்.