கூட்ட அறிக்கை: எதை எழுதுவது, எதை விடுவது?

"சாம்பல்தீவில எங்கட மாதர் சங்கத்துக்கு என்னைப் புதுசாச் செயலாளராப் போட்டிருக்காங்க. வாற ஞாயிறு கூட்டம். ஒரே நேரத்தில நாலு பேர் கதைக்கிற இடம். எதை எழுதிறது, எதை விடுறது?"

என் முதல் கூட்டத்தில் காதில் விழுந்ததையெல்லாம் எழுதினேன், பதினொரு பக்கம். வீட்டுக்கு வந்து பார்த்தால் யார் யாருடன் கொளுவினார் என்பது இருந்தது, என்ன முடிவெடுத்தோம் என்பது இல்லை.

சனி இரவே நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, ஒரு விடயத்துக்கு ஒரு பக்கமாகத் தலைப்பை எழுதிவிடுங்கள். பக்கத்தின் அடியில் முடிவு, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், பொறுப்பு என்று எழுதி எதிரே வெற்றிடம் விடுங்கள். கூட்டத்தில் நீங்கள் நிரப்ப வேண்டியது முக்கியமாக அந்த அடிப்பகுதியைத்தான்.

வாடகைக் கதிரையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 20 ரூபாய் என்பார், இன்னொருவர் 12 போதும் என்பார், மூன்றாமவர் போன கலியாண வீட்டில் கால் உடைந்த கதிரையின் கதையைத் தொடங்குவார். பேனையை வைத்துவிட்டுக் கேளுங்கள். கடைசியில் 15 என்று அடங்கியதும் தலைவி அடுத்த விடயத்துக்குப் போகப் பார்ப்பார். அடிப்பகுதி இன்னும் வெறுமையாக இருந்தால் கையை உயர்த்துங்கள்: "அக்கா, ஒருக்கா வாசிக்கிறன், சரியா எண்டு சொல்லுங்க." வாசித்தால்தான் ஓட்டை தெரியும். எப்போதிருந்து 15? உறுப்பினருக்கும் அதுவா? உடைந்தால் யார் கட்டுவது? இவற்றுக்குப் பதில் வந்த பிறகு அறிக்கையில் இவ்வளவு போதும்:

"திருத்தச் செலவு கூடியதால் கதிரை வாடகை ஒன்றுக்கு 15 ரூபாய், உறுப்பினருக்கு 10 ரூபாய். அடுத்த மாதம் முதலாம் திகதி முதல் நடைமுறை. உடைந்தால் எடுத்தவர் பொறுப்பு. வசூலிப்பவர் பொருளாளர்."

"அடுத்த மாதம்" என்ற இடத்தில் மாதத்தின் பெயரையும் ஆண்டையும் போடுங்கள், ஒரு வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அது எந்த மாதம் என்று தெரியாது. கீழே முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள். 20 கேட்டவரும் 12 கேட்டவரும் வேண்டாம். ஏச்சும் பகிடியும் வீட்டு விடயமும் வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கு மட்டும் விலக்கு: ஒருவர் "நான் உடன்படேல்ல எண்டு எழுதுங்க" என்று கேட்டால், அவர் பெயரோடு ஒரு வரி எழுதுங்கள்.

கணக்கைக் காதால் கேட்டு எழுதாதீர்கள். பொருளாளர் வாசிக்கும் தாளையே வாங்கிப் பார்த்து எழுதுங்கள். வந்தவர்களிடம் வரவுக் கொப்பியில் கையெழுத்து வாங்கி, தொடங்கும் முன் ஆட்களை எண்ணி, உங்கள் யாப்பு கேட்கும் அளவு பேர் இருக்கிறார்களா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

அன்றிரவே செம்மையாக எழுதிவிடுங்கள், இரண்டு நாள் போனால் உங்கள் கையெழுத்தே உங்களுக்கு விளங்காது. அடுத்த கூட்டத்தில் வாசித்து, திருத்தம் இருந்தால் திருத்தி, முன்மொழிந்து வழிமொழிந்து தலைவி ஒப்பமிடும் வரை அந்தக் கிறுக்கல் கொப்பியைக் கிழிக்காதீர்கள்.