அப்ரூவர் சொன்னால் போதுமா?

கேள்வி: கொலையில் கூட நின்றவனையே மன்னித்து விட்டுவிட்டு, அவன் வாயைக் கேட்டு மற்றவர்களை ஜெயிலுக்கு அனுப்புகிறார்களே, இது என்ன நியாயம் சார்? தன் தலை தப்பினால் போதும் என்று யார் பெயரை வேண்டுமானாலும் சொல்ல மாட்டானா? அப்புறம் கோர்ட்டில் வந்து பல்டி அடித்தால் என்ன செய்வார்கள்?

பதில்: 'விட்டுவிட்டு' என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அப்ரூவர் ஆன அன்று மாலையே ஒருவர் வீட்டுக்குப் போய் காபி குடிப்பதில்லை. ஏற்கெனவே ஜாமீனில் இருந்தால் ஒழிய, விசாரணை முடிகிறவரை அவரைக் காவலில்தான் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 306ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 343. யாரைக் காட்டிக்கொடுக்கப் போகிறாரோ அவர்களுக்கே சில வழக்குகளில் ஜாமீன் கிடைத்துவிடும், இவர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருப்பார். சில உயர் நீதிமன்றங்கள் தங்கள் தனி அதிகாரத்தைக் கொண்டு அப்படிப்பட்டவர்களை வெளியே விட்டதுண்டு, ஆனால் அது விதிவிலக்கு.

இந்த மன்னிப்பைப் போலீஸ் தர முடியாது, இதையும் பலர் தப்பாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் "நீ சொல்லிடு, உன்னை விட்டுடறேன்" என்று சொன்னால் அதற்குச் சட்டத்தில் காலணா மதிப்பு கிடையாது. புலன்விசாரணை நடக்கும்போதே தருவதென்றால் தலைமைக் குற்றவியல் நடுவர்தான் தர வேண்டும், ஏன் தருகிறார் என்ற காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கு ஒப்படைக்கப்பட்ட பிறகு என்றால் அந்த அதிகாரம் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய்விடுகிறது. தேவேந்திரன் என்பவருக்கும் தமிழ்நாடு அரசுக்கும் இடையிலான வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஒப்படைத்த பிறகு கீழே இருக்கும் நடுவர் தந்த மன்னிப்பு செல்லாது என்று சொல்லிவிட்டது. நடந்ததை முழுதாக, உண்மையாகச் சொல்ல வேண்டும், தன் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் நிபந்தனை. "நான் சும்மா வண்டியில உட்கார்ந்திருந்தேன், எல்லாம் அவங்கதான் பண்ணாங்க" என்று தன்னை மட்டும் கழுவித் துடைத்துக்கொள்கிற அப்ரூவரைப் பார்த்தால் நீதிபதிக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

சரி, அவன் யார் பெயரை வேண்டுமானாலும் சொல்ல மாட்டானா என்கிறீர்கள். சொல்வான். அதைச் சட்டம் உங்களுக்கு முன்பே யோசித்துவிட்டது. பழைய சாட்சியச் சட்டத்தில் இரண்டு இடங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. 133ஆவது பிரிவு, கூட்டாளியும் தகுதியுள்ள சாட்சிதான், வேறு ஆதரவு இல்லாமல் அவன் சொல்லை வைத்தே தண்டித்தாலும் அந்தக் காரணத்தால் மட்டும் தண்டனை சட்டவிரோதம் ஆகிவிடாது என்றது. 114ஆவது பிரிவில் வரும் ஓர் உதாரணமோ, முக்கிய விவரங்களில் வேறு சான்றின் ஆதரவு இல்லாத கூட்டாளியை நம்பத்தகாதவன் என்று நீதிமன்றம் கருதிக்கொள்ளலாம் என்றது. வாசலைத் திறந்துவைத்துவிட்டு வாசற்படியில் நாயைக் கட்டிவைத்த மாதிரி. நீதிமன்றங்கள் நாயைத்தான் மதித்தன, ஆதரவுச் சான்று இல்லாமல் தண்டிப்பதில்லை என்பது நடைமுறையில் விதியாகவே ஆகிவிட்டது. இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 138ஆவது பிரிவில் அந்த வாக்கியத்தையே மாற்றி, ஆதரவுச் சான்று பெற்ற கூட்டாளியின் சாட்சியத்தின் பேரில் தண்டிப்பது சட்டவிரோதம் அல்ல என்று எழுதிவிட்டார்கள்.

எதற்கு ஆதரவு வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கதைக்கு ஆதரவு இருந்தால் போதாது. இந்தக் குற்றத்தோடு இந்த ஆளை இணைக்கிற இடத்தில் ஆதரவு வேண்டும். கொலை இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இன்ன ஆயுதத்தால் நடந்தது என்று அப்ரூவர் சொல்வது அத்தனையும் உண்மையாக இருக்கும், அவன்தான் அங்கே இருந்தானே! அவ்வளவு உண்மைக்கு நடுவில் ஒரே ஒரு பெயரை மாற்றிச் சொன்னால் போதும், கதை முழுக்கச் சரிபார்க்கப்பட்டும் ஒரு நிரபராதி மாட்டிக்கொள்வான்.

இதற்கு காந்தி கொலை வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதில் அப்ரூவர் திகம்பர் பாட்கே. புனேயில் ஆயுத வியாபாரம் செய்தவர், குண்டுகளும் வெடிமருந்தும் தந்தவர். 1948 ஜனவரி 20ஆம் தேதி டெல்லி பிர்லா மாளிகையில் நடந்த முதல் முயற்சியில் இவரும் இருந்தார். மதன்லால் பாஹ்வா வெடிவைத்தார், பாட்கேக்கு கடைசி நேரத்தில் தைரியம் போய்விட்டது, ஊருக்குத் திரும்பிவிட்டார். 30ஆம் தேதி காந்தி சுடப்பட்டபோது அவர் டெல்லியில் இல்லை. கைதாகி, குற்றம் சாட்டப்பட்டு, பிறகு மன்னிப்பு பெற்று சாட்சிக் கூண்டில் ஏறினார். செங்கோட்டையில் வழக்கை விசாரித்தவர் தனி நீதிபதி ஆத்மசரண். பல நாள் நீண்ட குறுக்கு விசாரணைக்குப் பிறகும் பாட்கே நேராகப் பேசுகிறார், உண்மை பேசுகிற சாட்சி என்றுதான் நீதிபதி முடிவுக்கு வந்தார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காந்தியைச் சுட்ட நாதுராம் கோட்சே, அவருடைய கூட்டாளி ஆப்தே விஷயத்தில் பாட்கே சொன்னதற்கு ஆதரவு நாலா பக்கமும் இருந்தது. ஜனவரியில் இருவரும் டெல்லி மெரினா ஹோட்டலில் தேஷ்பாண்டே என்ற பொய்ப் பெயரில் தங்கியதை ஹோட்டல்காரர்கள் சொன்னார்கள், அங்கே சலவைக்குப் போட்ட துணியில் என்.வி.ஜி. என்று நாதுராம் விநாயக் கோட்சே பெயரின் முதலெழுத்துகள் குறியாக இருந்தன. 20ஆம் தேதி பிர்லா மாளிகைக்கு ஏற்றிச் சென்ற டாக்சி டிரைவர் வந்து சாட்சி சொன்னார். ஹோட்டல் ஊழியரும் டிரைவரும் அப்ரூவரோடு சேர்ந்து கதை கட்ட வேண்டிய அவசியம் இல்லாத ஆட்கள். சலவைக் குறிக்கு வாயே கிடையாது.

அடுத்து, அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த இந்து மகாசபைத் தலைவர் சாவர்க்கர். பாட்கே சொன்னது இது: ஜனவரி 17 அன்று பம்பாயில் சாவர்க்கர் வீட்டுக்கு மூவரும் போனோம், நான் கீழே இருந்தேன், கோட்சேயும் ஆப்தேயும் மாடிக்குப் போனார்கள், ஐந்து பத்து நிமிடத்தில் இறங்கி வந்தார்கள், பின்னாலேயே வந்த சாவர்க்கர் 'வெற்றியோடு திரும்பி வாருங்கள்' என்று வாழ்த்தி அனுப்பினார். இதில் எதை வெளியிலிருந்து சரிபார்க்கலாம் என்று பாருங்கள். அவர்கள் சாவர்க்கர் வீடு இருந்த சிவாஜி பார்க் பக்கம் போனார்கள் என்பதற்கு டாக்சி டிரைவர் இருந்தார். 14ஆம் தேதி அந்தப் பக்கம் இருவரையும் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்ட ஒரு நடிகையும் சாட்சி சொன்னார். போனது நிரூபணம் ஆகிவிட்டது. ஆனால் அந்த வீட்டில் பிடே, தாம்லே என்று இன்னும் இருவர் குடியிருந்தார்கள். யாரைப் பார்க்கப் போனார்கள், மாடியில் என்ன பேசினார்கள், அந்த வாழ்த்து வாயிலிருந்து வந்ததா என்பதற்குப் பாட்கேயின் சொல்லைத் தவிர எதுவும் இல்லை. அப்ரூவர் ஒருவரின் பேச்சை மட்டும் நம்பி முடிவெடுப்பது பத்திரமானதல்ல என்று 1949 பிப்ரவரி 10 தீர்ப்பில் சாவர்க்கரை நீதிபதி விடுதலை செய்தார். அதே சாட்சியை மற்றவர்கள் விஷயத்தில் நம்பினார். பாட்கே பொய் சொன்னார் என்று சாவர்க்கர் விஷயத்திலும் சொல்லவில்லை. நம்பக்கூடியவன் என்பது ஒரு கேள்வி, இந்த ஆளைத் தொடுகிற ஆதரவு இருக்கிறதா என்பது வேறு கேள்வி, இரண்டுக்கும் 'ஆம்' வர வேண்டும். 1957இல் சர்வான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இரட்டைச் சோதனை என்றே வகுத்துவைத்தது. முதல் சோதனையிலேயே தோற்றவனுக்கு ஆதரவு தேடி அலைய வேண்டியதும் இல்லை.

(சாவர்க்கரின் செயலாளரும் மெய்க்காப்பாளரும் போலீசிடம் தந்த வாக்குமூலங்களைப் பல ஆண்டு கழித்து, காந்தி கொலைச் சதியை ஆராய அரசு அமைத்த கபூர் கமிஷன் எடுத்துப் பார்த்தது. அந்த இருவரும் விசாரணையில் சாட்சிகளாக நிறுத்தப்படவில்லை. நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதில் இன்றைக்கும் சண்டை ஓயவில்லை, அதற்குள் நான் போகவில்லை.)

உங்கள் நியாயக் கேள்வி நிஜமாகவே குத்துகிற இடம் இதே வழக்கில் இருக்கிறது. பாட்கேயின் வேலைக்காரர் சங்கர் கிஸ்தையா. முதலாளி எடுக்கச் சொன்னதை எடுத்து, வரச் சொன்ன இடத்துக்கு வந்தவர். முதலாளிக்கு மன்னிப்பு, வேலைக்காரருக்கு ஆயுள் தண்டனை! மேல்முறையீட்டில் கிழக்குப் பஞ்சாப் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது என்பது வேறு. அப்ரூவர் ஆகிறவர்தான் குறைந்த குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. யாரிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கிறதோ அவரைத்தான் அரசுத் தரப்பு தேடும். அதிகம் தெரிந்தவன் பெரும்பாலும் அதிகம் செய்தவனாகவும் இருப்பான். இந்தக் கசப்பை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஆறு பேர் பூட்டிய அறைக்குள் சதி பேசினால், ஏழாவது ஆளை எங்கிருந்து சாட்சிக்குக் கொண்டுவருவீர்கள்?

இரண்டு அப்ரூவர்கள் ஒரே மாதிரி சொன்னால் ஆதரவு ஆகிவிடாதா என்று அடுத்து கேட்பீர்கள். பொதுவாக ஆகாது. ஒரு கூட்டாளிக்கு இன்னொரு கூட்டாளி முட்டுக்கொடுப்பதை நீதிமன்றங்கள் ஏற்கத் தயங்குகின்றன, ஒரே லாக்கப்பில் இருந்தவர்கள் ஒரே கதை சொல்வதில் அதிசயம் என்ன இருக்கிறது? அப்ரூவர் போலீசிடம் ஒன்று, நடுவரிடம் ஒன்று, விசாரணையில் ஒன்று என்று பெயர்களைக் கூட்டிக்கொண்டே போனாரா என்பதையும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பார்ப்பார். மாதங்கள் கழித்து புதிதாக முளைத்த பெயருக்கு அநேகமாக மதிப்பு இருக்காது.

கடைசியாக, பல்டி. வேண்டுமென்றே முக்கியமான ஒன்றை மறைத்தார், அல்லது பொய்ச் சாட்சி சொன்னார் என்று அரசு வழக்கறிஞர் சான்றளித்தால், எந்தக் குற்றத்துக்கு மன்னிப்பு கிடைத்ததோ அதே குற்றத்துக்கு அவர் மேல் வழக்கு நடத்தலாம். மற்றவர்களோடு சேர்த்து அல்ல, தனியாக. மன்னிப்பை ஏற்றபின் நடுவர் முன் அவரே சொன்ன வாக்குமூலத்தை அப்போது அவருக்கு எதிராகவே படிக்கலாம். நிபந்தனையை நான் மீறவில்லை என்று வாதிட அவருக்கு உரிமை உண்டு, மீறினார் என்று நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. பொய்ச் சாட்சிக்காகத் தனியே வழக்கு போட வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். இத்தனையும் அவர் தலைமேல் தொங்கினாலும், அப்ரூவர் கவிழ்ந்த அன்றைக்கு வழக்கு பெரும்பாலும் அவரோடு சேர்ந்தே கவிழ்ந்துவிடும். ஏனென்றால் ஆதரவுச் சான்று என்பது ஆதரிப்பதற்கு ஒரு கதை இருந்தால்தான் வேலை செய்யும். அந்தக் கதையைச் சொல்ல வேண்டியவரே "எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை" என்று நிற்கும்போது சலவைக் குறியையும் டாக்சியையும் வைத்து என்ன செய்வது?