லின்டல் முதலில், வாசல் பிறகு

கேள்வி: "அப்பா கட்டிய ஓட்டு வீடு, 9 அங்குலச் செங்கல் சுவர். ஹோலில் இருந்து புதிதாக எடுத்த அறைக்குப் போக 3 அடி அகலத்தில் ஒரு வாசல் வெட்டவேண்டும். ஒரு மேசன் இரண்டு நாளில் உடைத்து நிலை வைத்துத் தருகிறேன், முட்டு ஒன்றும் தேவையில்லை என்கிறார். இன்னொருவர் முட்டுக் கொடுத்து லின்டல் வைக்க மூன்று கிழமை வேண்டும் என்று இரண்டு மடங்கு காசு கேட்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் தம்பிதான் காசு அனுப்புகிறான். அவனுக்கு என்ன சொல்ல?"
வாசகி, கொக்குவில்

பதில்: இரண்டாமவரைப் பிடியுங்கள். ஆனால் எந்த ஒழுங்கில் செய்யப்போகிறார் என்று கேட்டுவிட்டுப் பிடியுங்கள். லின்டல் வைத்தும் சுவர் வெடித்த வீடுகள் உண்டு.

முதல் மேசன் சொல்வது முழுப்பொய் இல்லை. செங்கல் சுவரில் ஒரு துவாரம் வெட்டினால் மேலே உள்ள பாரம் முழுவதும் நேராகக் கீழே விழுவதில்லை. வரிசைகள் ஒன்றையொன்று பிடித்திருப்பதால் பெரும்பகுதி இரண்டு பக்கச் சுவருக்கும் சாய்ந்து இறங்கிவிடும். தொங்கி நிற்பது ஒரு முக்கோணத் துண்டு மட்டுந்தான். 3 அடி வாசலுக்கு அந்த முக்கோணம் ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம், எடை 80, 90 கிலோ வரும். கலவை நல்லதாக இருந்தால் அது கொஞ்ச நேரம் தானாகவே நிற்கும். "இதுவரை ஒன்றும் விழவில்லை" என்று அவர் சொல்வது அதனால்தான். ஆனால் சம்மட்டி அடி விழும்போது பழைய கலவை எவ்வளவு தாங்கும் என்பது உடைக்கும்வரை தெரியாது. வெறும் மரநிலை அந்தப் பாரத்தை ஏற்றால், சில மாதத்தில் கதவு இறுகும், மூலையில் இருந்து சாய்வாக ஒரு வெடிப்பு மேலே ஏறும்.

ஆளைப் பேசுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். சில வீடுகளில் யன்னல், கதவுக்கு மேலே கொங்கிறீட் பட்டி சுவர் முழுக்க ஓடும். வெட்டப்போகும் இடத்தில் அந்த உயரத்தில் ஒரு சாண் பூச்சைக் கொத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பட்டி உடையாமல் ஓடினால், கம்பியையும் பார்த்துவிட்டுப் புது லின்டல் இல்லாமலே முடிக்கலாம், செலவு நன்றாகக் குறையும். வாசலின் பக்கத்தில் மூலையோ வேறு யன்னலோ இருந்தால் இடையில் 2 அடிச் சுவராவது மிஞ்சவேண்டும். இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். மேலே கூரைக்குப் பதிலாகப் பிளாட் இருந்தால் இந்தப் பதில் போதாது, பொறியியலாளர் வந்து பார்க்கவேண்டும்.

பட்டி இல்லை என்று வைத்துக்கொள்வோம். நல்ல மேசன் முதல் நாள் சுவரைத் தொடவே மாட்டார். முற்றத்தில் பலகை அடித்து லின்டலை வார்ப்பார். நிலைக்கு 3 அடி, இரண்டு பக்கமும் சுவரில் குந்த 9 அங்குலம் வீதம், மொத்தம் நாலரை அடி நீளம். அகலம் 9 அங்குலம், உயரம் 6 அங்குலம். 10 மில்லிமீற்றர்க் கம்பி நான்கு, 6 அங்குலத்துக்கு ஒரு வளையம், சீமெந்து, மணல், முக்கால் அங்குலச் சல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு. இதற்குச் சீமெந்து அரைப்பைகூடப் போகாது, பெரிய கம்பி 20 அடி நீளத்தில் ஒன்று போதும். ஆகவே பொருட்செலவு அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நீங்கள் காசு கொடுப்பது நாட்களுக்கும் கவனத்துக்கும். ஈரச்சாக்குப் போட்டு ஒரு கிழமை நனைக்கவேண்டும், நம் ஊர் வெயிலில் அதை விட்டால் கொங்கிறீட் பொடியாகும். பாரம் ஏற்ற 14 நாள் பொறுங்கள். மூன்று கிழமைக் கணக்கு இதில்தான் வருகிறது. தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும், 115 கிலோ அளவில் இருக்கும்.

அப்புறம் முட்டு. லின்டல் வரும் உயரத்துக்கு மேலே ஒன்றிரண்டு வரிசை விட்டு, சுவரில் குறுக்கே இரண்டு துவாரம் போட்டு, பனையில் அறுத்த தடித்த வளையோ 4 அங்குலச் சதுர வைரமரமோ செருகவேண்டும். அதன் இரண்டு முனையையும் இரண்டு அறைகளிலும் வாடகைக்கு எடுத்த இரும்பு ஜக்கில் தாங்கி, ஜக்கின் கீழே நீளப் பலகை போடவேண்டும். வெறும் சீமெந்து நிலத்தில் நிறுத்தினால் ஜக் நிலத்தை உடைத்துக்கொண்டு இறங்கிவிடும். மரத்துக்கும் கல்லுக்கும் இடையில் ஆப்பு இறுகவேண்டும், ஆனால் சுவரை மேலே தூக்குகிற அளவுக்கு இல்லை. சுவிட்சில் இருந்து வயர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து மெயினை நிறுத்திவிட்டுத்தான் துவாரம் போடவேண்டும்.

இப்போது வாசலை உடைக்கக்கூடாது. லின்டலுக்கு வேண்டிய நாலரை அடிப் பொந்தை மட்டும், அதன் உயரத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, கீழே உள்ள சுவர் அப்படியே நிற்க லின்டலை உள்ளே தள்ளி, இரண்டு முனையையும் கலவையில் உட்காரவைக்கவேண்டும். கீழ்க்கம்பி கீழே இருக்கவேண்டும் என்பதால் வார்த்த அன்றே மேல்பக்கத்தில் அடையாளம் கீறச் சொல்லுங்கள்.

முழு வேலையும் லின்டலுக்கு மேலே மிஞ்சும் அந்த ஓர் அங்குல இடைவெளியில்தான் இருக்கிறது. பலர் கரண்டியால் தளர்ந்த கலவையை முகப்பில் அப்பி மூடிவிடுவார்கள். வெளியே அழகு, உள்ளே வெறும் காற்று. முட்டை எடுத்ததும் சுவர் அந்த வெறுமைக்குள் இறங்கும், வெடிப்பு வரும், குற்றம் லின்டலின் தலையில் விழும். செய்யவேண்டியது இது: ஒன்றுக்கு மூன்று கலவை, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், தண்ணீர் கசியாத பதத்தில். அதைக் கட்டைத்துண்டு வைத்துச் சுத்தியலால் இரண்டு பக்கத்தில் இருந்தும் இடித்து இறுக்கவேண்டும். பூச்சுக்கு முன் ஒரு சைக்கிள் கம்பியை எடுத்து அந்த மூட்டில் குத்திப் பாருங்கள், அரை அங்குலத்துக்கு மேல் போனால் திரும்ப இடிக்கச் சொல்லுங்கள். இரண்டு படம் தம்பிக்கு அனுப்பவேண்டும்: வார்ப்பதற்கு முன் கம்பிக் கூடு, இடித்த பிறகு இந்த மூட்டு. பூசிய பிறகு எடுக்கும் படம் ஒன்றையும் காட்டாது.

மூன்று நாள் கழித்து ஜக்கை மெல்லத் தளர்த்தி எடுக்கலாம். அதற்குப் பிறகுதான் கீழே வாசல், மேலிருந்து கீழே, கல் கல்லாக. முதலில் இரண்டு பக்கமும் கிறைண்டரால் பூச்சில் நேர்கோடு வெட்டிவிட்டால் விளிம்பு கிழியாது.

மிச்சம் பூச்சு வேலை. பக்கங்களில் பல்லுப்பல்லாக நிற்கும் வரிசைகளில் அரைக்கல் வைத்து நிரப்பி, நிலையைப் பக்கத்துக்கு மூன்று இரும்புப் பிடி போட்டுக் கட்டவேண்டும். நிலையின் அடிக்குக் கறையான் மருந்து பூசாமல் விடாதீர்கள். கொங்கிறீட்டும் செங்கல்லும் சந்திக்கும் கோட்டில் பூச்சு எப்போதும் வெடிக்கப் பார்க்கும், அங்கே இரண்டு பக்கமும் 4 அங்குலம் படும்படி கோழிக்கூட்டு வலை அடித்து, பழைய பூச்சை நனைத்துவிட்டுப் பூசவேண்டும். வாசலின் அடியில் 9 அங்குலக் கோடு ஒன்று நிலத்தில் மிஞ்சும். அதை நிரப்புவதும் பேசிய கூலிக்குள் அடங்குமா என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சண்டை வழக்கமாக அங்கேதான் வரும்.

காசை வார்த்தபோது ஒரு பங்கு, லின்டல் ஏறி மூட்டை நீங்கள் குத்திப் பார்த்த பிறகு ஒரு பங்கு, கடைசிப் பங்கு முட்டு எடுத்து இரண்டு கிழமை கழித்து என்று பேசுங்கள். அந்த இரண்டு கிழமையில் மூலைகளில் மயிர்க்கோடு தெரிந்தால் அதன் முனையில் பென்சிலால் குறுக்கே கீறித் திகதி போடுங்கள். கோடு அந்தக் கீறலைத் தாண்டாவிட்டால் அது பூச்சு காய்ந்த வெடிப்பு. தாண்டினால் கடைசிப் பங்கைக் கொடுக்காமல் மேசனைக் கூப்பிடுங்கள்.