வால்வின் சமநீளம் நான்கு மடங்காக வருவது ஏன்?

"டர்பனில் டிப்ளோமா படிக்கிறேன். இணையாக இரண்டு 100 மி.மீ. குழாய்கள், மொத்தம் வினாடிக்கு 20 லிட்டர். ஒன்று 40 மீட்டர், அதில் குளோப் வால்வு (K = 10), இரண்டு வளைவுகள் (K = 0.9). மற்றது வெறும் 100 மீட்டர். f = 0.005. எனக்கு 7.5, 12.5 வருகிறது, விடையில் ஏறக்குறையச் சமம்."

வணக்கம். நீங்கள் சமநீளத்தை KD/f என்று கணக்கிட்டு 236 மீட்டர் பெற்றிருக்கிறீர்கள். 0.005 என்பது உராய்வு இழப்பை 4fLv²/2gD என்று எழுதும் பிரிட்டிஷ் மரபின் f. அதற்குரிய சமநீளம் KD/4f; KD/f என்பது இழப்பை fLv²/2gD என்று எழுதும் மற்ற மரபுக்குரியது. நம் ஊர் வகுப்புக் குறிப்புகளில் இரு மரபுகளும் கலந்து கிடப்பதால், நானும் இதில் ஒருமுறை வழுக்கியிருக்கிறேன்.

K-களின் கூட்டுத்தொகை 11.8, எனவே சமநீளம் 11.8 × 0.1 ÷ 0.02 = 59 மீட்டர். முதல் குழாய் 99 மீட்டராகிறது. விட்டமும் f-உம் ஒன்றே என்பதால் ஓட்டங்கள் நீளத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் பிரிந்து, 10.03, 9.97 லிட்டராகின்றன.

சரிபார்க்க நேரடியாக Kv²/2g போட்டுப் பாருங்கள். வேகம் வினாடிக்கு சுமார் 1.27 மீட்டர் என்பதால் இழப்பு 0.97 மீட்டர், 59 மீட்டர் குழாயின் உராய்வும் அதே அளவுதான், 236 மீட்டருக்கோ 3.9 வரும்.

ஹார்டி கிராஸ் முறையில் ஒவ்வொரு சுற்றிலும் f-ஐத் திருத்தினால், சமநீளத்தையும் கூடவே திருத்த வேண்டும். K மாறாதிருக்க, f குறையும்போது சமநீளம் கூடும்.