ஓட்டப் பதிவில் நேரக் கணக்கு ஏன் இடிக்கிறது?

"10 கி.மீ. பந்தயத்தை 59:30-ல் முடித்தேன். வாட்ச் பேஸ் 5:44 என்கிறது. எது சரி?"

பேஸ் என்பது ஒரு கிலோமீட்டர் ஓட எடுத்த நேரம். ஸ்பிளிட் என்பது ஒவ்வொரு துண்டுக்கும் ஆன நேரம். மளிகை ரசீதில் அளவை விலையால் பெருக்கினால் தொகை வரவேண்டும் அல்லவா, அதுபோல தூரத்தைப் பேஸால் பெருக்கினால் மொத்த நேரம் வரவேண்டும். 10 × 5:44 என்றால் 57:20 தான், 2:10 உதைக்கிறது.

முதலில் ஸ்பிளிட்களைக் கூட்டுங்கள். உதாரணமாக முதல் 5 கி.மீ. 28:40, அடுத்தது 30:10 என்றால் மொத்தம் 58:50. மீதி 40 வினாடி? தண்ணீர் குடிக்க நின்றபோது, ஓடாத நேரத்தைக் கணக்கிடாமல் விடும் ஆட்டோ பாஸ் வசதி வாட்சின் கடிகாரத்தை நிறுத்தியிருக்கும். பந்தயக் கடிகாரம் யாருக்காகவும் நிற்காது.

அப்புறம் தூரத்தைப் பாருங்கள். வாட்ச் 10.25 கி.மீ. காட்டியிருந்தால் 58:50-ஐ அதனால் வகுக்க 5:44 வந்துவிடும். பந்தயப் பாதையை வளைவுகளில் மிகக் குறுகிய வழியில் அளப்பார்கள். நாம் அகலமாகத் திரும்புகிறோம், ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் பிசகும். ஆக, உங்கள் பந்தயப் பேஸ் 59:30 ÷ 10, அதாவது 5:57.

கால்குலேட்டரில் 5:57-ஐப் பலர் 5.57 என்று அடிக்கிறார்கள். 57 வினாடி என்பது 0.95 நிமிடம், எனவே 5.95 என்றுதான் அடிக்க வேண்டும்.